2026-க்கு எந்தப் பழைய காலண்டர் பொருந்தும்? ஒரே கிழமை அமைப்புள்ள ஆண்டுகளைக் கண்டுபிடிக்கும் முறை

பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்த பழைய மாதக் காலண்டர் ஒன்றில் படம் இன்னும் நிறம் மங்காமல் இருக்கும்; எறிய மனம் வராது. அதை மறுபடி எந்த ஆண்டில் மாட்டலாம் என்பது ஒரு கேள்வி. இதையே திருப்பிக் கேட்டால், இந்த ஆண்டுக்குக் கடந்த காலத்தில் எந்த ஆண்டின் காலண்டர் பொருந்தும் என்று வரும். இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். கூட்டல் தெரிந்த எவரும் போடலாம். ஆனால் நான் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரே இரண்டு மூன்று இடங்களில்தான் வழுக்கினார்கள். அந்த இடங்களில் நின்று, மற்றவற்றை வேகமாகக் கடக்கிறேன். உதாரணம் முழுக்க 2026.

1. தொடங்கும் முன் தெரிய வேண்டிய இரண்டு விவரங்கள்

ஓர் ஆண்டின் கிழமை அமைப்பை முடிவு செய்பவை இரண்டே விவரங்கள். ஜனவரி 1 என்ன கிழமை என்பது ஒன்று. அந்த ஆண்டு பிப்ரவரிக்கு 28 நாளா, 29 நாளா என்பது மற்றொன்று. இவை தெரிந்தால் டிசம்பர் 31 வரை ஒவ்வொரு நாளும் தானாக அதனதன் கட்டத்தில் விழுந்துவிடும்.

ஜனவரி 1 ஏழு கிழமைகளில் ஒன்றாக இருக்கலாம். ஆண்டு சாதாரண ஆண்டாகவோ லீப் ஆண்டாகவோ இருக்கலாம். ஆகவே உலகத்தில் மொத்தம் 14 வகைக் காலண்டர்களே உண்டு. நாம் தேடுவது 2026 எந்த வகையோ, அதே வகையில் விழும் மற்ற ஆண்டுகளை.

2026 ஜனவரி 1 வியாழக்கிழமை. சாதாரண ஆண்டு. ஒரு தாளில் இதை மேலே எழுதிக்கொள்ளுங்கள். தேடலின் நடுவே ஐயம் வரும்போதெல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டிய வரி இதுதான்.

2. லீப் ஆண்டா என்பதை முதலில் தீர்த்துவிடுங்கள்

கிழமையைக் கணக்கிட்ட பிறகு லீப் ஆண்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். லீப் ஆண்டுகள் எங்கே விழுகின்றன என்று தெரியாமல் கிழமையை நகர்த்தவே முடியாது. அதனால் இந்தப் படி முதலில் வருகிறது.

ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை 4-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 0 என்றால் லீப் ஆண்டு. 26-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே 2026 சாதாரண ஆண்டு. இந்த மீதியை மறந்துவிடாதீர்கள். நான்காம் படியில் அதுதான் வழிகாட்டப் போகிறது.

இரண்டு சுழியத்தில் முடியும் ஆண்டுகளுக்கு மட்டும் விதி வேறு. அவை 400-ஆல் மீதியின்றி வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 2000 லீப் ஆண்டு, 1900 இல்லை, 2100-ம் இருக்காது. 2000-ஆம் ஆண்டு வழக்கம்போலவே லீப் ஆண்டாக அமைந்ததால், 1901 முதல் 2099 வரை நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் என்ற ஒழுங்கு எங்கும் முறியவில்லை. நமக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது இந்த எல்லைக்குள்தான்.

3. ஒருமுறையாவது கையால் நகர்த்திப் பாருங்கள்

சாதாரண ஆண்டின் 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். அந்த ஒரு நாள் மிச்சத்தால் அடுத்த ஆண்டின் ஜனவரி 1 ஒரு கிழமை தள்ளிப் போகிறது. லீப் ஆண்டில் மிச்சம் இரண்டு நாள். ஆகவே அதற்கு அடுத்த ஆண்டு இரண்டு கிழமை தள்ளிப் போகிறது. மொத்தத் தள்ளல் 7, 14, 21 என்று ஆகும்போது அதே கிழமை திரும்பி வரும்.

2026-இலிருந்து நடந்து பார்ப்போம். 2026 வியாழன். 2027 வெள்ளி. 2028 சனி. 2028 லீப் ஆண்டு என்பதால் 2029 இரண்டு தள்ளித் திங்கள். 2030 செவ்வாய். 2031 புதன். 2032 வியாழன்.

இங்கேதான் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். வியாழன் வந்துவிட்டதே! ஆனால் 2032 லீப் ஆண்டு. ஜனவரியும் பிப்ரவரி 28 வரையும் 2026 காலண்டரோடு அப்படியே ஒத்துப்போகும். பிறகு பிப்ரவரி 29 நடுவில் புகுந்து, மார்ச் முதல் எல்லாவற்றையும் ஒரு கிழமை தள்ளிவிடும். மார்ச் 1 என்பது 2026-இல் ஞாயிறு, 2032-இல் திங்கள். இந்தத் தவறின் கெட்ட குணம், அது இரண்டு மாதம் வெளியே தெரியாது. காலண்டரை மாட்டியவர் மார்ச்சில்தான் விழிப்பார்.

ஆகவே நடையைத் தொடர வேண்டும். 2033 சனி. 2034 ஞாயிறு. 2035 திங்கள். 2036 செவ்வாய், லீப் ஆண்டு. 2037 இரண்டு தள்ளி வியாழன். 2037 சாதாரண ஆண்டு. இரண்டு விவரங்களும் பொருந்துகின்றன. 2026-க்கு அடுத்து அதே காலண்டர் வருவது 2037-இல்தான்.

இன்னொரு சறுக்கலும் உண்டு. லீப் ஆண்டின் இரண்டு கிழமைத் தள்ளலை, லீப் ஆண்டுக்குள் நுழையும்போதே சேர்த்துவிடுவது. கூடுதல் நாள் பிப்ரவரி இறுதியில் வருகிறது. அந்த ஆண்டின் ஜனவரி 1-க்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. தள்ளல் லீப் ஆண்டை விட்டு வெளியேறும்போதுதான் இரண்டாகிறது. 2028-இலிருந்து 2029-க்குப் போகும்போதே தவிர, 2027-இலிருந்து 2028-க்குப் போகும்போது அல்ல.

4. மீதியைக் கொண்டு ஒரே தாவலில் போவது

ஒவ்வோர் ஆண்டாக நடந்தது வழி புரிவதற்காக. புரிந்த பிறகு தாவலாம். இரண்டாம் படியில் எடுத்த மீதிதான் தாவலின் நீளத்தைச் சொல்கிறது.

மீதி 1 என்றால், அடுத்த ஒத்த ஆண்டு 6 ஆண்டு கழித்து.
மீதி 2 என்றால், 11 ஆண்டு கழித்து.
மீதி 3 என்றால், அதுவும் 11 ஆண்டு கழித்து.
மீதி 0, அதாவது லீப் ஆண்டு என்றால், 28 ஆண்டு கழித்து.

காரணம் எளிது. தள்ளல் என்பது கடந்த ஆண்டுகளின் எண்ணிக்கையோடு வழியில் கடந்த பிப்ரவரி 29-களின் எண்ணிக்கையைக் கூட்டியது. மீதி 1 உள்ள ஆண்டிலிருந்து ஆறு ஆண்டு போனால் வழியில் ஒரே ஒரு பிப்ரவரி 29. ஆறும் ஒன்றும் ஏழு. போய் நிற்கும் ஆண்டும் சாதாரண ஆண்டு. முடிந்தது. மீதி 2 உள்ள ஆண்டுக்கும் ஆறு ஆண்டில் ஏழு வந்துவிடுகிறது. ஆனால் நாம் பார்த்ததுபோல் நிற்கும் இடம் லீப் ஆண்டு. மீதி 3 உள்ள ஆண்டுக்கு ஆறு ஆண்டுக்குள் இரண்டு பிப்ரவரி 29 வந்துவிடுவதால், கூட்டல் ஏழைத் தாண்டி எட்டாகிவிடும். இந்த இரண்டுக்கும் அடுத்த வாய்ப்பு 11 ஆண்டில்தான்: பதினொன்றும் மூன்று பிப்ரவரி 29-களும் சேர்ந்து 14.

ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் புதிய ஆண்டின் மீதியை மறுபடி எடுக்க வேண்டும். 2026-இலிருந்து 11 தாவிய கையோடு மறுபடியும் 11 தாவி 2048 என்று எழுதிவிடுகிறார்கள். 2037-இன் மீதி 1. ஆகவே அடுத்த தாவல் 6, வருவது 2043. அதன் மீதி 3. தாவல் 11, வருவது 2054. அதன் மீதி 2. தாவல் 11, வருவது 2065. பிறகு மறுபடி 6. இப்படி 6, 11, 11 என்று தாளம் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றையும் கூட்டினால் 28. 28 ஆண்டுக்கு ஒருமுறை காலண்டர் திரும்பும் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அது சரி; ஆனால் சாதாரண ஆண்டுகளுக்கு நடுவில் இன்னும் இரண்டு வாய்ப்புகள் இருப்பதை அது சொல்வதில்லை.

ஒரு சோதனை போட்டுப் பாருங்கள். 1947-இன் மீதி 3. தாவல் 11: 1958. மீதி 2, தாவல் 11: 1969. மீதி 1, தாவல் 6: 1975. அதே தாளத்தில் 1986, 1997, 2003, 2014, 2025. 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை என்பது பலருக்கும் தெரியும். 2025 ஆகஸ்ட் 15-ம் வெள்ளிதான்.

5. கடந்த காலம் நோக்கிப் போகும்போது தாவல் மாறும்

இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். வருங்காலத்துக்கான தாவல்களை அப்படியே கழித்துவிடுகிறார்கள். கழிக்கக் கூடாது. 2027-இலிருந்து முன்னோக்கிய தாவல் 11. ஆனால் அதற்கு முந்தைய ஒத்த ஆண்டு 2016 அல்ல, 2021.

பின்னோக்கிப் போகும்போது அளவுகள் இவை: மீதி 1 என்றால் 11, மீதி 2 என்றால் 11, மீதி 3 என்றால் 6, லீப் ஆண்டுக்கு அதே 28. ஆறு ஆண்டுத் தாவல் எப்போதும் மீதி 1-இல் ஏறி மீதி 3-இல் இறங்குகிறது. திரும்பி வரும்போது மீதி 3-இல்தான் அதில் ஏற முடியும். ஒரு வழிப் படிக்கட்டை நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

2026-இன் மீதி 2. பின்னோக்கி 11: 2015. அதன் மீதி 3, தாவல் 6: 2009. மீதி 1, தாவல் 11: 1998. மீதி 2, தாவல் 11: 1987. தொடர்ந்தால் 1981, 1970, 1959, 1953, 1942, 1931, 1925, 1914, 1903. முன்னோக்கி 2037, 2043, 2054, 2065, 2071, 2082, 2093, 2099. 1901 முதல் 2099 வரை 2026-ஐயும் சேர்த்து 22 ஆண்டுகள்.

பரணில் இருப்பது 2015, 2009, 1998 காலண்டர்களில் ஒன்றாக இருந்தால் 2026-இல் தயங்காமல் மாட்டலாம்.

6. லீப் ஆண்டின் காலண்டர் கிடைக்காவிட்டால்

லீப் ஆண்டுக்கு வாய்ப்பு குறைவு. 2028 ஜனவரி 1 சனிக்கிழமை. அதற்கு ஒத்தவை முன்பு 2000, 1972, 1944. இனி 2056, 2084. இருபத்தெட்டு ஆண்டுப் பழைய காலண்டரைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் குறைவுதான்.

ஆனால் இரண்டு சாதாரண காலண்டர்களை ஒட்டி ஒரு லீப் காலண்டர் செய்யலாம். ஜனவரி, பிப்ரவரிக்கு அதே கிழமையில் தொடங்கும் சாதாரண ஆண்டை எடுங்கள். மார்ச் முதல் டிசம்பர் வரைக்கு ஒரு கிழமை தள்ளித் தொடங்கும் சாதாரண ஆண்டை எடுங்கள். 2028-க்கு முதல் இரண்டு தாள்கள் 2022-இலிருந்து (சனியில் தொடங்கியது), மீதிப் பத்துத் தாள்கள் 2023-இலிருந்து (ஞாயிறில் தொடங்கியது). பிப்ரவரித் தாளில் 28 திங்கள் என்று இருக்கும். அடுத்த கட்டத்தில் 29 செவ்வாய் என்று பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டும். 2023-இல் மார்ச் 1 புதன். ஒட்டு சரியாக உட்கார்ந்துவிடும்.

7. 1900-ஐயும் 2100-ஐயும் தாண்டும்போது

அந்த ஆண்டுகளில் வர வேண்டிய பிப்ரவரி 29 வரவில்லை, வராது. ஒரு தள்ளல் குறைவதால் தாவல் அளவுகள் கலைந்துவிடும். இந்த எல்லையைத் தாண்டும் தாவலுக்கு மட்டும் மூன்றாம் படியின் நடைக்குத் திரும்புவதுதான் நல்லது. எல்லை தாண்டும் தாவல்களுக்கும் சூத்திரம் உண்டு. ஆனால் மனப்பாடம் செய்யும் நேரத்தில் நடந்தே போய்விடலாம்.

2099-இன் மீதி 3. விதிப்படி அடுத்தது 2110 என்று வரும். நடந்து பார்த்தால்: 2099 வியாழன், 2100 வெள்ளி. 2100 சாதாரண ஆண்டு என்பதால் 2101 ஒன்றே தள்ளிச் சனி. 2102 ஞாயிறு, 2103 திங்கள், 2104 செவ்வாய், லீப் ஆண்டு. 2105 வியாழன், சாதாரண ஆண்டு. ஆக விடை 2105. 2110 ஜனவரி 1 புதன்கிழமை.

பின்னோக்கியும் இப்படித்தான். 1903-க்கு முந்தையது விதிப்படி 1897 என்று வரும், உண்மையில் 1891. லீப் ஆண்டுகளிலும் 28 என்ற இடைவெளி இங்கே 12 ஆகவோ 40 ஆகவோ மாறும். 2096-க்கு அடுத்தது 2108. 2072-க்கு அடுத்தது 2112. 28 கூட்டினால் வரும் 2100 லீப் ஆண்டே அல்ல.

மிகத் தொலைவில் தேட வேண்டுமென்றால் 400-ஐக் கூட்டுங்கள் அல்லது கழியுங்கள். 400 ஆண்டில் 1,46,097 நாள்கள். அது சரியாக 20,871 வாரம். மிச்சமே இல்லை. 2426-இன் காலண்டர் 2026-இன் காலண்டர்தான்.

8. விடையைச் சரிபார்ப்பது

பன்னிரண்டு மாதத்தையும் ஒப்பிட வேண்டியதில்லை. இரண்டு நாள்களின் கிழமையைப் பார்த்தால் போதும்: ஜனவரி 1, டிசம்பர் 31. இரண்டும் பொருந்தினால் இடையில் பிசகு இருக்க வழியில்லை. ஜனவரி 1 மட்டும் பொருந்தி டிசம்பர் 31 பொருந்தாவிட்டால், ஒன்று லீப் ஆண்டு, மற்றது இல்லை. சாதாரண ஆண்டு தொடங்கிய கிழமையிலேயே முடியும்: 2026 வியாழனில் தொடங்கி வியாழனில் முடிகிறது. லீப் ஆண்டு ஒரு கிழமை தள்ளி முடியும்.

கணினியில் முழுப் பட்டியலும் வேண்டுமானால் பைத்தானில் இவ்வளவு போதும்:

```
import calendar
def key(y):
    return calendar.weekday(y, 1, 1), calendar.isleap(y)
print([y for y in range(1901, 2100) if key(y) == key(2026)])
```

இரண்டு விவரங்களையும் சேர்த்தே ஒப்பிடுகிறோம் என்பதைக் கவனியுங்கள். `isleap` பகுதியை விட்டுவிட்டால் 2032 பட்டியலுக்குள் நுழைந்துவிடும்.

எக்செலில் `=WEEKDAY(DATE(2026,1,1))` என்று கேட்டால் 5 என்று வரும். ஞாயிறை 1 என்று வைத்து எண்ணுவதால் 5 என்பது வியாழன். 1901-க்கு முன் எக்செலை நம்ப வேண்டாம். அது 1900-ஐ லீப் ஆண்டு என்று தவறாகக் கொள்கிறது. அதனால் அந்த ஆண்டின் முதல் இரண்டு மாதங்களின் கிழமை பிசகும். `DATE(1891,1,1)` என்று கொடுத்தாலோ, 1900-ஐக் கூட்டி 3791-ஆம் ஆண்டின் தேதியைத் தரும். பிழை என்றும் சொல்லாது.

9. கிழமை ஒத்தாலும் ஒத்துப்போகாதவை

பழைய தமிழ்க் காலண்டரை மாட்டுபவர்கள் கட்டத்தின் மூலையில் இருக்கும் சிறிய எழுத்துகளையும் நம்பிவிடுகிறார்கள். அவற்றில் ராகு காலம், எமகண்டம் போன்றவை கிழமையை வைத்து எழுதப்படுபவை. திங்களன்று ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்பது 2015-லும் அதுதான், 2026-லும் அதுதான். அவற்றைப் பயன்படுத்தலாம். திதி, நட்சத்திரம், அமாவாசை, முகூர்த்த நாள் ஆகியவை நிலவின் ஓட்டத்தைச் சார்ந்தவை. அவை பொருந்தாது. 2015-இல் தீபாவளி நவம்பர் 10 செவ்வாய். 2026-இல் நவம்பர் 8 ஞாயிறு. ஒரே காலண்டர்தான், பண்டிகை வேறு கட்டத்தில்.

ஈஸ்டர் இன்னும் ஏமாற்றும். 2015-இல் ஏப்ரல் 5, 2026-லும் ஏப்ரல் 5. அடடா, இதுவும் பொருந்துகிறதே என்று 2009 காலண்டரை எடுத்தால் அதில் ஏப்ரல் 12.

அறுபது ஆண்டுச் சுழற்சியையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1966 ஏப்ரலில் தொடங்கிய பராபவ ஆண்டு 2026 ஏப்ரலில் மறுபடி வருகிறது. பெயர் திரும்புவதால் கிழமையும் திரும்பும் என்று நினைக்கிறார்கள். அறுபது ஆண்டில் பிப்ரவரி 29 பதினைந்து முறை வரும். 75-ஐ ஏழால் வகுத்தால் மீதி 5. ஆகவே ஆங்கிலத் தேதி ஒவ்வொன்றும் ஐந்து கிழமை தள்ளி விழும். 1966 ஜனவரி 1 சனி, 2026 ஜனவரி 1 வியாழன். சனிக்கிழமை பிறந்தவருக்கு அறுபது நிறையும் ஆங்கிலப் பிறந்தநாள் வியாழக்கிழமை. மண்டபம் பிடிக்கும்முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய ஆவணங்களோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 என்று வைத்துத்தான் இன்றைய முறைக்கு வந்தன. அதற்கு முன் ஜூலியன் காலண்டர். அதில் 28 ஆண்டுச் சுழற்சி நூற்றாண்டு எல்லைகளிலும் முறியாது. அந்தக் காலத்தில் சென்னைக் கோட்டையின் ஆங்கிலேயர் எழுதிய தேதிக்கும் புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர் எழுதிய தேதிக்கும் 1700 பிப்ரவரி வரை 10 நாள், அதன் பிறகு 11 நாள் வித்தியாசம். கிழமை இருவருக்கும் ஒன்று; தேதி மட்டும் வேறு. அதனால் 1752-க்கு முந்தைய ஓர் ஆண்டுக்கு ஒத்த ஆண்டு தேடும்போது, அந்தத் தேதியை எழுதிய கை எந்தக் கோட்டையைச் சேர்ந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.